பம்பிக் கடைக்கு ஒரு ஈமெயில்: இறுதியாண்டில் நான் காசு உழைத்த விதம்

வவுனியாவில் கடை வைத்திருக்கும் எவரும் ஈமெயில் பார்ப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். கடைப் பெயர்ப்பலகையில் ஒரு ஜிமெயில் முகவரி எழுதியிருக்கும், அது புதுப் போன் வாங்கிய அன்று மருமகனோ போன் கடைப் பெடியனோ திறந்து கொடுத்தது, பாஸ்வேர்ட் யாருக்கும் நினைவில் இருக்காது. அப்படியிருந்தும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டு, பம்பைமடுவில் இருந்து நகரம் வரைக்கும் மன்னார் வீதியில் இருக்கிற கடைகளுக்குப் பேஸ்புக், வட்ஸ்அப் வேலை செய்து கொடுத்து நான் உழைத்தது ஈமெயிலை வைத்துத்தான். அதைப் பற்றி ஜூனியர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதுகிறேன்.

முதலில் ஏன் ஈமெயில் என்று சொல்லிவிடுகிறேன். நேரே போய்க் கதைத்தால் முதலாளி தலையாட்டுவார், "பாப்பம் தங்கச்சி" என்பார், அதோடு முடிந்தது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துபோகும். ஆனால் நம்முடைய பக்கத்துக் கடைகளில் காசு விஷயத்தை முடிவெடுப்பது பல நேரம் கல்லாவில் இருக்கிறவர் இல்லை. கடைக்கு முதல் போட்ட அண்ணன் கனடாவில் இருப்பார், இல்லாவிட்டால் மனைவி கணக்குப் பார்ப்பார், அல்லது கொழும்பில் வேலை செய்கிற மகன் "யாருக்கும் ஒன்றும் குடுக்காதேங்கோ" என்று சொல்லி வைத்திருப்பான். நான் கடையில் வாயால் சொன்னதை முதலாளி அவர்களிடம் திருப்பிச் சொல்லும்போது "ஒரு கம்பஸ் பிள்ளை வந்தது, பேஸ்புக் செய்யிறதாம், எண்ணாயிரமாம்" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அதைக் கேட்டு யார் சரி சொல்வார்கள்? எழுதியது என்றால் அப்படியே போகும். ஆகவே அந்த ஈமெயிலை உண்மையில் வாசிக்கப் போகிறவர் கடையில் இல்லாத ஒருவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

முகவரியை வலையில் தேடிப் பிடிப்பதில் பலன் குறைவு. கடைக்குப் போய், ஏதாவது வாங்கி, "கொம்பனிக்காரர் உங்களுக்கு விலைப் பட்டியல் எந்த ஈமெயிலுக்கு அனுப்புறவை?" என்று கேட்பேன். அந்த முகவரியை யாரோ ஒருவர் கட்டாயம் திறந்து பார்க்கிறார். மருந்துக்கடை, ஹார்ட்வெயார், பம்பி, போன் கடை, அச்சகம், தங்குமிடம் இவற்றுக்கெல்லாம் அப்படியொரு முகவரி இருக்கும். மரக்கறிக் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் இருக்காது, அவர்களுக்கு இந்த வேலை தேவையும் இல்லை, சனம் கண்ணால் பார்த்து வந்து வாங்குகிற கடைகள் அவை.

எங்கள் பட்ச்சில் ஒரு பெடியன் நான் தொடங்குவதற்கு முன்னமே இதைச் செய்து பார்த்தான். நல்ல ஆங்கிலத்தில், "உங்கள் வியாபாரத்தை டிஜிட்டல் உலகுக்குக் கொண்டுசெல்வோம்" என்ற மாதிரி ஒன்று, சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று பக்கேஜ், பெரிய பிடிஎப் ஒன்றும் சேர்த்து, கிடைத்த முகவரி எல்லாவற்றையும் பிசிசியில் போட்டு ஒரே தடவையில் அனுப்பினான். புதிதாகத் திறந்த ஜிமெயிலில் இருந்து ஒரே கடிதம் கும்பலாகப் போனால் ஸ்பாமுக்குள் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதையும் தாண்டி வந்து சேர்ந்த இடத்தில் அதைத் திறந்தவர் போன் திரையில் ஒரு பிடிஎப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கடைக்கும் பொருந்துகிற கடிதத்தை எந்தக் கடைக்காரரும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி நான் எழுதிய ஒன்றைக் காட்டுகிறேன். நெளுக்குளம் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பியும் மருந்தடிக்கிற மெசினும் விற்று, திருத்தியும் கொடுக்கிற ஒரு கடை. அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் அனுப்பியபடிதான்.

தலைப்பு: உங்கள் கடையின் பேஸ்புக் பக்கத்தில் பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகள், ஒரு மாத வேலைக்கான விலையுடன்

"வணக்கம் அண்ணை. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து மருந்தடிக்கிற மெசினுக்கு வாஷர் வாங்கிக்கொண்டு, உங்களிடம் இந்த முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டு போன பிள்ளை நான். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் கடைசியாகப் போட்ட பம்பிப் படத்துக்குக் கீழே ஐந்து பேர் விலை கேட்டிருக்கிறார்கள். செட்டிகுளத்தில் இருந்து ஒருவர் இரண்டு அங்குலப் பூட் வால்வு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் பதில் போகவில்லை. பக்கத்தில் இருக்கிற போன் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன், பாவனையில் இல்லை என்று சொல்கிறது. படம் பிடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பங்குனி மாதம் நான் செய்து தருவது: இலக்கத்தையும் திறக்கும் நேரத்தையும் சரிசெய்வது, கடைக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டு அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயார்செய்து வைப்பது, வாரத்துக்கு இரண்டு என்ற கணக்கில் எட்டுப் பதிவுகள் போடுவது, அதற்குரிய படங்களைக் கடைக்கு வந்து நானே எடுப்பது. விலை 8,000 ரூபாய். பாதி தொடங்கும்போது, பாதி மாதம் முடிந்தபின். பேஸ்புக்குக்குக் காசு கட்டி விளம்பரம் செய்வது இதற்குள் இல்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் கார்டில் இருந்து நீங்களே கட்டலாம், எனக்குத் தரத் தேவையில்லை.

உங்கள் பாஸ்வேர்ட் எதையும் நான் கேட்க மாட்டேன். பக்கம் உங்கள் பெயரிலேயே இருக்கும். நான் ஆவணி மாதத்துடன் படிப்பு முடித்துப் போய்விடுவேன். போவதற்கு முன் கடையில் இருக்கிற ஒருவருக்கு இதைப் பழக்கிக் கொடுப்பதும் இந்த விலைக்குள் அடங்கும். பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரமும் பரீட்சை நடக்கும் நாட்களும் வேலை செய்ய மாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பிடித்திருந்தால் இந்த மெயிலுக்குச் சரி என்று ஒரு வார்த்தை போடுங்கள். அல்லது வீட்டில் யாரும் முடிவெடுப்பதென்றால் அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்."

இவ்வளவுதான். கீழே என் பெயர், போன் இலக்கம். பல்கலைக்கழகம் தந்த ஈமெயிலில் இருந்து அனுப்பவில்லை, சொந்த ஜிமெயிலில் இருந்துதான். பல்கலைக்கழக முகவரி படிப்புக்குத் தந்தது, அதில் சொந்த வியாபாரம் செய்வது சரியில்லை, அதோடு படிப்பு முடிந்தபின் அது நம் கையில் இருக்கும் என்று நம்பவும் முடியாது.

இதில் சில விஷயங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 8,000 எங்கிருந்து வந்தது? கடைக்காரர் நம் வேலையை விளம்பர நிறுவனங்களின் விலையோடு ஒப்பிட மாட்டார். தன் கடையில் நிற்கிற உதவியாளுக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்றுதான் மனதுக்குள் பார்ப்பார். அங்கே கூலியாள் ஒருவரின் மூன்று நாள் சம்பளம் ஏறக்குறைய அந்த அளவில் வந்தது. மாதத்தில் எனக்குப் போகிற நேரமும் கிட்டத்தட்ட மூன்று முழு நாள்தான். அப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் கணக்கு விளங்குகிறது. "முதல் மாதம் சும்மா செய்து காட்டுங்கோ" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்வது, சும்மா செய்கிற வேலைக்கு நீங்கள் படம் எடுக்க நேரம் ஒதுக்க மாட்டீர்கள் அண்ணை, நான் வந்து வந்து திரும்பிப் போவேன். சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். முற்பணம் பாதி வாங்காமல் தொடங்கவே கூடாது. வேறொரு கடையில் முற்பணம் தந்தார்கள், மிச்சம் பாதி இன்று வரைக்கும் வரவில்லை. அந்தப் பாதியாவது கையில் இருந்தது.

"நான் ஆவணியோடு போய்விடுவேன்" என்று எழுதியதைப் பார்த்து என் தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள், அதை யாராவது சொல்வார்களா என்று. சொல்லத்தான் வேண்டும். இறுதியாண்டு மாணவியிடம் வேலை கொடுக்க ஒரு கடைக்காரர் யோசிக்கிற முதல் காரணமே இது, இந்தப் பிள்ளை நாளைக்கு வீட்டுக்குப் போய்விடும், பிறகு பக்கம் என்ன ஆகும் என்பது. அவர் கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பதை நாங்களே எழுதி, அதற்கு ஒரு வழியும் சொல்லிவிட்டால் மறுப்பதற்கு ஒன்று குறைகிறது.

மெயில் அனுப்பிச் சில நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் நடு இரவில் பதில் வந்து கிடக்கிறது, எழுதியவர் முதலாளி இல்லை, கனடாவில் இருக்கிற அவருடைய அண்ணன். நேர வித்தியாசத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மூன்று கேள்வி கேட்டிருந்தார். பக்கம் யார் பெயரில் இருக்கும், கடைக்கு வருகிற ஆட்களின் படங்களைப் போடுவீர்களா, இந்த வேலையால் வந்த ஆட்கள் எத்தனை பேர் என்று எப்படித் தெரியும். இப்படிக் கேட்கிறவர் கிடைத்தால் சந்தோசப்பட வேண்டும், ஏனென்றால் மூன்றும் நல்ல கேள்வி.

முதலாவதை நான் சுலபமாக நினைத்தேன் ஆனால் அதுதான் அதிக நாள் எடுத்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தவர் முன்பு கடையில் வேலை செய்த பெடியன், இப்போது கட்டாரில். பக்கத்தின் முழு அதிகாரமும் அவனுடைய சொந்தப் பேஸ்புக் கணக்கில். வன்னியில் அரைவாசிக் கடைகளுக்கு இதே கதைதான், பக்கம் இருக்கும், சாவி வெளிநாட்டில் இருக்கும். புதுப் பக்கம் ஒன்று திறந்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் பழையது அழியாமல் பழைய இலக்கத்தோடு தேடலில் வந்துகொண்டே இருக்கும், சனம் குழம்பும். ஆகவே பெடியனை வட்ஸ்அப்பில் பிடித்து, அவன் போனில் பக்கத்துக்கு மாறி `Settings` போய், `Page setup` என்பதற்குள் `Page access` திறந்து, முதலாளி வீட்டுக் கணக்கைச் சேர்த்து, முழு அதிகாரம் கொடுக்கச் சொல்ல வேண்டும். மெனு இருக்கிற இடம் அடிக்கடி மாறும், `Page access` என்ற பெயரைத் தேடினால் போதும்.

முதலாளிக்குப் பேஸ்புக் கணக்கே இல்லை. அக்காவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, இருந்தது. அவருடைய கணக்குக்கு இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு அதற்கு முழு அதிகாரம் வாங்கினோம். அதன் பிறகு அக்காவே என்னைச் சேர்த்தார், முழு அதிகாரம் இல்லாமல். அப்படிச் சேர்த்தால் நான் பதிவு போடலாம், செய்திகளுக்குப் பதில் சொல்லலாம், வேறு ஆளைச் சேர்க்கவோ பக்கத்தை அழிக்கவோ முடியாது. என்னை நீக்குவதற்கு அக்காவுக்கு என்னுடைய அனுமதி தேவையில்லை. இதைக் கனடா அண்ணைக்கு எழுதியபோது அவர் பதில் "அப்ப சரி" என்று மட்டும் வந்தது. அப்புறம் கட்டார்ப் பெடியனையும் நன்றி சொல்லி நீக்கினோம்.

இரண்டாவது, ஆட்களின் படம். கடைக்கு வருகிற ஒருவரின் முகமும் தெரியாது, கேட்டாலும் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் ஒருவர் பம்பி வாங்கினார் என்பது பேஸ்புக்கில் வந்தால் அவரிடம் காசு இருக்கிறது என்று கடன் கொடுத்தவருக்கும் தெரிந்துவிடும், மைக்ரோ பினான்ஸ் கட்டுகிற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பொம்பிளைப் பிள்ளைகளின் படம் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மூன்றாவதுக்குத்தான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பேஸ்புக் பார்த்தோ வட்ஸ்அப்பில் கேட்டோ வந்தேன் என்று யாராவது சொன்னால் திகதிக்கு நேரே ஒரு கோடு, பொருள் வாங்கிப் போனால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கடையில் நிற்கிற தம்பிக்கு "எப்பிடி அறிஞ்சு வந்தனீங்கள்?" என்று கேட்கப் பழக்கினேன். லைக் எண்ணிக்கையை நான் அறிக்கையில் எழுதவே இல்லை. அந்தப் பக்கத்துக்கு வந்த லைக்கில் பெரும்பகுதி ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரருடையது, அவர்கள் பூட் வால்வு வாங்க வரப்போவதில்லை.

வட்ஸ்அப் விஷயத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. கடை இலக்கமும் கடைக்கார அண்ணையின் சொந்த இலக்கமும் ஒன்று. கோயில் குழு, சொந்தக்காரர் குழு, வெளிநாட்டு அழைப்பு எல்லாம் அதில்தான், அதற்குள் வாடிக்கையாளர் செய்தியும் வந்து விழுந்தால் அவர் பார்க்கவே மாட்டார். போனில் இரண்டு சிம் போடலாம் என்பதால் புது சிம் ஒன்று வாங்கி அதில் வட்ஸ்அப் பிஸ்னஸைத் திறந்தோம். சாதாரண வட்ஸ்அப்பும் பிஸ்னஸும் வேறு வேறு இலக்கத்தில் ஒரே போனில் இருக்கலாம். ஒரு கவனம் தேவை, அந்த சிம்மில் யாரும் அழைப்பு எடுக்காததால் றீலோட் போட மறந்துவிடுவார்கள், நீண்ட நாள் சும்மா கிடந்தால் இலக்கமே பறிபோகும். அதனால் ஒவ்வொரு மாதமும் கொப்பியின் முதல் பக்கத்தில் றீலோட் திகதியை எழுதச் சொன்னேன்.

வட்ஸ்அப் பிஸ்னஸில் நான் அதிகம் நம்பியது `Quick replies`. ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: திறந்திருக்கிறதா, இடம் எங்கே, மோட்டருக்குக் கொயில் கட்டுவீர்களா, எத்தனை நாள் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பதிலை ஒருமுறை எழுதி வைத்து, செய்தி அடிக்கிற இடத்தில் `/` போட்டால் பட்டியல் வரும், தொட்டு அனுப்பிவிடலாம். பதில்களை அண்ணை கதைக்கிற மாதிரியே எழுதினேன். "கொயில் கட்டித் தருவம். மோட்டரைக் கழட்டிப் பாத்துத்தான் விலை சொல்லலாம், பாக்கிறதுக்குக் காசு இல்லை" என்று. அவருடைய குரல் தெரிந்தவர்கள் அதை மெசின் அனுப்பிய பதில் என்று நினைக்கவில்லை.

பதிவுகளைப் பொறுத்தவரை முதல் இழுபறி விலை. அண்ணைக்கு விலை போட விருப்பமில்லை, பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார், கொழும்பு விலையும் மாறிக்கொண்டிருக்கும் என்பார். நியாயம்தான். ஆனால் விலை கேட்டவருக்கு "இன்பொக்ஸ் வாங்கோ" என்று பதில் போட்டால் சனத்துக்கு எரிச்சல் வருகிறது, எனக்கும் வரும். கடைசியில் கூலியைப் போட்டோம், பொருளின் விலையைப் போடவில்லை. சீல் மாற்ற இவ்வளவு, கொண்டுவந்த அன்றே தருவோம் என்று. பொருளின் விலைக்கு வட்ஸ்அப் இலக்கம். கூலி தெரிந்தாலே ஆட்கள் வருகிறார்கள், ஏனென்றால் திருத்த வேலையில் சனம் பயப்படுவது அதற்குத்தான்.

படத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடைக்கு வெளியே காலை வெயில் ஏறுவதற்கு முன், சீமெந்துத் திண்ணையில் ஒரு பழைய சீமெந்துப் பையை விரித்து அதன்மேல் பாகத்தை வைத்து, பக்கத்தில் அடிமட்டம். அளவு தெரிவதுதான் முக்கியம், ஒன்றரை அங்குலமா இரண்டா என்று தெரியாமல் செட்டிகுளத்தில் இருந்து பஸ் ஏறி வந்து திரும்பிப் போக யாருக்கும் விருப்பமில்லை. எழுத்தில் முதல் இரண்டு வரிக்குள் பொருளின் பெயரும் அளவும் "கையில் இருக்கிறது" என்பதும் வந்துவிட வேண்டும், அதற்குக் கீழே உள்ளதைப் பேஸ்புக் மடித்து வைத்துவிடும், திறந்து பார்க்கிறவர்கள் குறைவு.

எட்டுப் பதிவில் கொப்பியை நிரப்பியது ஒரு சின்ன வீடியோ. வீட்டில் அப்பா முள்ளியவளையில் தோட்டம் செய்கிறவர் என்பதால் பம்பி தண்ணீர் இழுக்காமல் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், கடைசியில் முழுப் பம்பியையும் கழட்டி ஓட்டோவில் ஏற்றுவார்கள். அண்ணையிடம் கேட்டேன், கடைக்குக் கொண்டுவரத் தேவையே இல்லாத பழுது எது? அவர் யோசிக்காமல் சொன்னார், பாதிப் பேர் பம்பியைக் கொண்டு வருகிறார்கள், பழுது பூட் வால்வில். அதை அப்படியே எடுத்தோம். அவருடைய கையும் குரலும் மட்டும், முகம் வேண்டாம் என்றார். பம்பி ஓடுது, தண்ணி வரேல்லை எண்டால் முதல்ல குழாயை நிரப்பிப் பாருங்கோ, நிரப்பின தண்ணி கொஞ்ச நேரத்திலை கீழ இறங்குதெண்டால் பூட் வால்வு பிடிக்கேல்லை, கிணத்துக்கை இருக்கிற வால்வை மட்டும் கழட்டிக்கொண்டு வாங்கோ, பம்பி அங்கையே கிடக்கட்டும். அடுத்தது, மோட்டர் உறுமுது, சுத்தேல்லை எண்டால் உடனே நிப்பாட்டுங்கோ, அப்பிடியே விட்டால் கொயில் எரியும், கப்பாசிட்டர் போயிருக்கலாம், அதைக் கழட்டிக் கையாலை தொடாதேங்கோ, கரண்ட் நிறுத்தினாலும் அதுக்குள்ளை தேங்கி நிக்கும். அவ்வளவுதான். ஒரு நிமிசம் கூட இல்லை.

ஒரு வேலையை இழக்கச் சொல்லி விளம்பரம் செய்கிறோமே என்று கடைத் தம்பி முணுமுணுத்தான். ஆனால் வால்வை மட்டும் கையில் கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், வால்வு வாங்கினார்கள், அப்படியே சீலும் வாங்கினார்கள். அந்த மாதக் கொப்பியில் விழுந்த கோடுகளில் பாதிக்கு மேல் இந்த வீடியோவைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். வீடியோவில் இருக்கிற ஒரு குறையும் சொல்ல வேண்டும், இது மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும்போது, சிறுபோகத்துக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கத் தொடங்குகிற நேரத்தில் போட்டது. இதையே மாரி மழைக்குள் போட்டிருந்தால் ஒரு கோடும் விழுந்திருக்காது, அப்போது மருந்தடிக்கிற மெசின் பற்றித்தான் போட வேண்டும். கடைக்கு மெயில் எழுதுகிற மாதத்தையே இதைப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன்.

காசு கட்டி விளம்பரம் செய்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் அந்த வீடியோவுக்கு. 3,000 ரூபாய், ஐந்து நாள். `Boost` அழுத்துகிற இடத்தில் மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். இடத்தை நாடு முழுக்க விட்டால் காசு கொழும்புக்குப் போகும், அதனால் வரைபடத்தில் கடையில் ஊசி குத்தி, சுற்றுவட்டத்தைச் செட்டிகுளமும் ஓமந்தையும் உள்ளே வருமளவுக்கு மட்டும் வைத்தோம். நோக்கம் லைக் இல்லாமல் செய்தி வருவது. கடைசியாக, முடிவுத் திகதி. தொடர்ந்து ஓடவிடுகிற தெரிவு ஒன்று அங்கே இருக்கிறது, அது தெரிவாகிக் கிடந்தால் நாங்கள் நிறுத்தும் வரைக்கும் கார்டில் காசு போய்க்கொண்டிருக்கும். அண்ணையின் கார்டுக்கு வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தும் வசதி திறந்திருக்கவில்லை, வங்கிக்கு எடுத்துச் சொல்லித் திறக்க வேண்டியிருந்தது. நான் என்னுடைய கார்டில் கட்டி விடவா என்று கேட்கலாம்தான். அப்படிச் செய்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு மாதக் கடைசியில் சண்டையாக வந்து நிற்கும்.

அண்ணைக்கு ஒரு ஆசை இருந்தது, ஒவ்வொரு பண்டிகைக்கும் கடைப் பெயரோடு வாழ்த்துப் படம். வாழ்த்தைக் கண்டு யாரும் பம்பி வாங்குவதில்லை என்று சொல்லிப் வருசப்பிறப்புக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன், அதையும் பதிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. இதற்கு நேர்மாறாக, எதுவும் போடக் கூடாத நாட்களை நான் முதலிலேயே கொப்பியில் குறித்துக் கொடுத்தேன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் கழிவு விலை, புதுச் சரக்கு என்று ஒரு பதிவும் போகக்கூடாது, நவம்பர் 27க்கும் அப்படியே. இதை எங்கள் ஊர்க் கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனால் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கிறபோது திகதியைப் பார்க்காமல் ஒன்று தானாகவே போய்விடும். அதற்காகத்தான் குறித்தது. வெளியூரில் இருந்து இங்கே படிக்க வந்து இந்த வேலை செய்ய நினைக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பங்குனி முடிந்ததும் கொப்பியைப் படம் பிடித்து, வட்டம் போட்ட கோடுகளை எண்ணி, கனடா அண்ணைக்கும் முதலாளிக்கும் ஒரே மெயிலாக அரைப் பக்கத்தில் எழுதினேன். எந்தப் பதிவு ஆட்களைக் கொண்டுவந்தது, எது ஒருவரையும் கொண்டுவரவில்லை, வட்ஸ்அப்பில் எந்தப் பாகத்தை அதிகம் கேட்டார்கள், அதில் கடையில் இல்லாதது எது. கடைசி விஷயம்தான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு குறிப்பிட்ட மாதிரிப் பம்பிக்கு இம்பெல்லர் கேட்டுச் செய்திகள் வந்திருந்தன, கடையில் அது வைத்திருக்கவே இல்லை, அடுத்த முறை கொழும்புச் சரக்கில் எடுப்பித்தார்கள். மிச்சம் 4,000 அன்றே வங்கியில் விழுந்தது, அடுத்த மாதங்களுக்கும் செய்யச் சொன்னார்கள்.

அந்த மாதங்களில் பதிவுகளைக் குறைத்து, வேலையை மெல்ல மெல்லக் கடைத் தம்பியிடம் மாற்றினேன். அவன் படம் எடுப்பான், நான் எழுத்தைத் திருத்துவேன், பிறகு அவனே எழுதினான். எழுத்துப் பிழை வரும்தான், வந்தால் என்ன, பூட் வால்வை "புட்வால்" என்று எழுதினால் சனமும் அப்படித்தான் தேடுகிறது. ஆடி மாதம் அக்கா அவனைப் பேஸ்புக் பக்கத்தில் சேர்த்தார். கொப்பியின் பின்பக்கத்தில் சிம் இலக்கம், றீலோட் திகதி, பக்கத்தில் யார் யாருக்கு அதிகாரம் இருக்கிறது, விளம்பரம் செய்தால் எந்த வட்டம், போடக்கூடாத திகதிகள் எல்லாவற்றையும் எழுதி, பாஸ்வேர்ட் மட்டும் எழுதாமல் கொடுத்தேன். ஆவணியில் சொன்னபடி அக்கா என் பெயரைப் பக்கத்தில் இருந்து நீக்கினார், நீக்கியதை உறுதிசெய்து கனடா அண்ணைக்கு நானே ஒரு வரி எழுதினேன். அவர் பதிலில் நன்றி சொல்லிவிட்டு, கிளிநொச்சியில் அவருடைய நண்பர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் பாகங்கள் விற்கிற கடை இருக்கிறது, அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு மெயில் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். கடையை நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன், அடுத்த கிழமை போகிறேன் என்று பதில் போட்டேன்.